60 விநாடி விளக்கப் படம்: கடைசி வரியை முதலில் எழுதுங்கள்

கோவையில் மோட்டார், பம்பு செய்யும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு சிறிய நிறுவனம், மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்றைச் செய்கிறது. அதை விளக்க ஒரு நிமிட அனிமேஷன் படம் வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். வரும்போதே கையில் ஒரு தாள் இருந்தது. அதில் கருவியின் சிறப்புகள் 11. தானாக நிறுத்தும், தானாகப் போடும், தரைத் தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் மோட்டாரைக் காப்பாற்றும், வோல்டேஜ் ஏறி இறங்கினால் தாங்கும், மின்சாரம் மிச்சம், இத்தனை வருட உத்தரவாதம் என்று போகிறது பட்டியல். "இதெல்லாம் வந்துடணுங்க" என்றார் உரிமையாளர்.

ஒரு சிறப்புக்கு ஐந்து விநாடி என்று வைத்தாலே 55 விநாடி போய்விடும். மிச்சம் இருக்கிற ஐந்து விநாடியில் நிறுவனத்தின் பெயரைச் சொல்லலாம். பார்க்கிறவருக்கு அதில் என்ன நிற்கும்? முதல் இரண்டு சிறப்பு வரைக்கும் கேட்பார், அப்புறம் விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். பட்டியல் என்பது ஏற்கெனவே வாங்க முடிவு செய்தவர் கடையில் நின்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உதவுவது. தனக்கு இப்படி ஒரு பொருள் தேவை என்றே இன்னும் நினைக்காதவரிடம் பேசுவதற்கு வேறு வடிவம் வேண்டும்.

அந்த வடிவத்தில் மூன்று பகுதிகள்தான். முதலில் ஒரு பிரச்சினை: ஒருவர், ஓரிடம், ஒரு தொல்லை. அடுத்து திருப்பம்: அதே தொல்லை வர வேண்டிய நேரத்தில் இந்த முறை வராமல் போகும் கணம். கடைசியில் ஒரே ஒரு செயல்: படம் முடிந்ததும் பார்த்தவர் செய்ய வேண்டியது. திருப்பத்துக்கும் செயலுக்கும் நடுவில், அது எப்படி நடந்தது என்று ஒரு சின்ன விளக்கம் வரும். இவ்வளவுதான் அமைப்பு. ஆனால் இதைத் தாளில் எழுத உட்காரும்போது பெரும்பாலானோர் பிரச்சினையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் கடைசியிலிருந்து தொடங்கச் சொல்வேன். காரணம் இருக்கிறது.

செயல் முதலில்

அந்த நிறுவனத்திடம் நான் கேட்ட முதல் கேள்வி: "படம் முடிஞ்சதும் பார்த்தவங்க என்ன செய்யணும்?" வந்த பதில்: "போன் பண்ணலாம், வெப்சைட் பார்க்கலாம், பக்கத்துக் கடையில கேட்கலாம், நம்ம பேஜை ஃபாலோ பண்ணலாம்." நான்கு வழி காட்டினால் நான்கில் ஒன்றையாவது செய்வார்கள் என்று தோன்றும். நடப்பது வேறு. எதைச் செய்வது என்று ஒரு நொடி யோசிக்க வேண்டி வந்தாலே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறோம். அந்த அப்புறம் வருவதே இல்லை. தவிர, கடைசிப் பத்துப் பன்னிரண்டு விநாடியில் நான்கு விஷயத்தைத் திரையில் எழுதினால் எழுத்தும் சிறிதாகிவிடும், நேரமும் போதாது.

அடுத்த கேள்வி: "ஒருத்தர் உங்களைக் கூப்பிட்டா, நீங்க அவர்கிட்ட முதல்ல என்ன கேப்பீங்க?" இதற்கு அவர் யோசிக்கவே இல்லை. "மோட்டார் சுவிட்ச் போர்டை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடச் சொல்வோங்க. அதைப் பார்த்தாத்தான் எந்த பாக்ஸ் செட் ஆகும்னு தெரியும்." செயல் கிடைத்துவிட்டது. அவர்கள் எப்படியும் கேட்கப்போவது, பார்க்கிறவர் இருந்த இடத்திலேயே செய்யக்கூடியது, காசு கேட்காதது. கையில் இருக்கிற போனே போதும்.

செயலைத் தேர்ந்தெடுக்கும்போது படம் எங்கே ஓடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்கள் திரையின் கடைசியில் ஒரு கியூஆர் குறியீடு போடலாம் என்றார்கள். படம் ஓடப்போவது பெரும்பாலும் போனில். போன் திரையில் தெரிகிற குறியீட்டை அதே போனின் கேமராவால் எப்படிப் பிடிப்பது? கடையில் மாட்டிய டிவியில் ஓடுகிற படத்துக்குக் கியூஆர் நல்லது. போனில் ஓடுவதற்குத் தட்டுகிற பொத்தான்தான் சரி. அதேபோல் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை வாய்ஸ் ஓவரில் நிதானமாகப் படித்துப் பாருங்கள், ஐந்தாறு விநாடி போய்விடும். கேட்டவருக்கு முதல் நான்கு இலக்கம்கூட நினைவில் இருக்காது. எண்ணைத் திரையில் எழுதி நிறுத்தி வைக்கலாம். குரலில் சொல்ல வேண்டாம்.

ஆக, கடைசி வரி முதலில் எழுதப்பட்டது: "உங்கள் மோட்டார் சுவிட்ச் போர்டை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்."

செயல்தான் பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கிறது

இந்த வரி கையில் இருப்பதால் மற்றவை எளிதாகின்றன. யார் இந்தப் படத்தை எடுத்து அனுப்பப்போகிறார்? தினமும் அந்த சுவிட்சைப் போட்டு அணைக்கிறவர். அப்படியென்றால் கதை அவருடையதுதான்.

தொட்டி நிரம்பி வழிவதில் பல தொல்லைகள் இருக்கின்றன. தண்ணீர் வீணாகிறது. கரண்ட் பில் ஏறுகிறது. வழிகிற தண்ணீர் சுவரில் இறங்கிப் பாசி பிடிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். நிறுவனத்துக்கு எல்லாமே பிடித்திருந்தது, முதலில் நிலத்தடி நீர் குறைவது பற்றி ஒரு பத்து விநாடி சொல்லிவிட்டு உள்ளே வரலாம் என்றார்கள். நிலத்தடி நீர் உண்மையான கவலைதான். ஆனால் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர் சுவிட்ச் போர்டைப் படம் எடுக்க எழுந்து போக மாட்டார். அந்தப் பெரிய கவலைக்கும் இந்தச் சின்னச் செயலுக்கும் நடுவில் தூரம் அதிகம்.

நான் பார்த்தது இதைத்தான்: பேச்சே இல்லாமல் வரைந்து காட்டக்கூடிய தொல்லை எது? கரண்ட் பில் ஏறுவதைக் காட்ட ஒரு தாளும் எண்களும் வேண்டும். பாசி பிடிக்க மாதங்கள் ஆகும். வேலைக்கு நடுவில், மாடியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு சுவிட்சுக்கு ஓடுவது இருக்கிறதே, அதை ஐந்து விநாடியில் வரையலாம். பார்த்த எல்லோருக்கும் அது தங்கள் வீடுதான்.

பிரச்சினைப் பகுதியில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. தொல்லையைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று, தொல்லைப்படுகிறவரை அசட்டையானவராக வரைந்துவிடுகிறார்கள். டிவி சீரியலில் மூழ்கி மோட்டாரை மறந்த பெண், சீட்டாட்டத்தில் மறந்த ஆண். பார்க்கிறவர் "நான் அப்படி இல்லையே" என்று விலகிக்கொள்வார். மறதிக்கு நியாயமான காரணம் கொடுங்கள். காலை ஆறரை மணி, அடுப்பில் பால், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை, வாசலில் வேன். இத்தனைக்கு நடுவில் மறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தவறு ஆளிடம் இல்லை, நிலைமையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் நிலைமையை மாற்றுகிற ஒரு பொருளுக்கு இடம் உண்டாகும்.

திருப்பம் எது, திருப்பம் அல்லாதது எது

புதிதாக எழுதுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். பிரச்சினை முடிந்தது, இசை மாறுகிறது, திரை வெள்ளையாகிறது, சுழன்றபடி பொருள் வந்து நிற்கிறது, "அறிமுகப்படுத்துகிறோம்..." என்று ஒரு குரல். இதைத் திருப்பம் என்று நினைக்கிறோம். இது வெறும் விளம்பர அறிவிப்பு. கதைக்குள் எதுவும் திரும்பவில்லை. அந்த வீட்டில், அந்த அம்மாவுக்கு என்ன மாறியது? இன்னும் எதுவுமே மாறவில்லை.

எங்கள் படத்துக்கு நான் ஒரே ஒரு பின்னணிப் படத்தைக் கேட்டேன்: வீட்டின் குறுக்குவெட்டு. கீழே அடுப்படி, சுவரில் மோட்டார் சுவிட்ச், மேலே மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி. தொட்டியின் உள்ளே தண்ணீர் மட்டம் ஏறுவது பார்க்கிறவருக்குத் தெரியும், உள்ளே வேலையாக இருக்கிற அம்மாவுக்குத் தெரியாது. இந்த ஒரு ஏற்பாட்டாலேயே படபடப்பு வந்துவிடுகிறது. கதாபாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது, கத்திச் சொல்ல முடியவில்லை.

முதல் முறை தண்ணீர் விளிம்பைத் தொடுகிறது, வழிகிறது, அவர் ஓடுகிறார். அப்புறம் மறுநாள் காலை. அதே சட்டகம், அதே அடுப்படி, அதே பால். சுவிட்சைப் போடுகிறார். மட்டம் ஏறுகிறது. போன் வருகிறது, மறந்துவிடுகிறார். தண்ணீர் விளிம்புக்கு நான்கு விரல் கீழே வந்ததும் மோட்டார் தானாக நின்றுவிடுகிறது. அவர் கவனிக்கக்கூட இல்லை, பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறார்.

இதுதான் திருப்பம். எல்லாம் அப்படியே இருக்கிறது, முடிவு மட்டும் வேறு. பொருளின் பெயரைக்கூட இன்னும் சொல்லவில்லை. ஆனால் பார்க்கிறவர் மனதில் "எப்படி?" என்று ஒரு கேள்வி எழுந்துவிட்டது. விளக்கம் அந்தக் கேள்விக்குப் பதிலாக வரும்போது காது கொடுத்துக் கேட்பார். கேள்வி எழுவதற்கு முன்பே விளக்கினால் அது பாடம்.

ஒலிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. முதல் விநாடியிலிருந்து மோட்டாரின் "உம்ம்ம்" என்ற சத்தம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அது இருப்பதையே பார்க்கிறவர் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார். திருப்பத்தில் ஒரு "டக்". சத்தம் நிற்கிறது. ஒரு விநாடிக்கு இசையும் இல்லை, குரலும் இல்லை. அந்த ஒரு விநாடி அமைதிக்காக எழுத்தில் இரண்டு சொல்லை வெட்டினாலும் பரவாயில்லை.

எத்தனையாவது விநாடியில் இது வர வேண்டும்? நான் 20இலிருந்து 28க்குள் வைப்பேன். அதற்கு முன்னால் வந்தால் தொல்லை மனதில் ஏறியிருக்காது. 40ஐத் தாண்டினால், எப்படி என்று விளக்கவும் செயலைச் சொல்லவும் அவசரப்பட வேண்டிவரும். அவசரத்தில் முதலில் அடிபடுவது கடைசி வரிதான்.

ஒரே காரணச் சங்கிலி

திருப்பத்துக்குப் பின் வரும் விளக்கத்துக்குச் சுமார் 18 விநாடி இருக்கிறது. அதில் ஒரு சங்கிலிக்குத்தான் இடம்: தண்ணீர் மிதவையைத் தூக்குகிறது, மிதவை பெட்டிக்குத் தகவல் தருகிறது, பெட்டி மோட்டாரை நிறுத்துகிறது. மூன்று கண்ணி. குறுக்குவெட்டுப் படத்திலேயே மேலிருந்து கீழே ஒரு கோடு ஒளிர்ந்தபடி இறங்கினால் போதும், தனிப் படம் வேண்டாம்.

இங்கே எனக்கும் உரிமையாளருக்கும் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. கருவி தானாக நிறுத்துவது மட்டுமில்லை, தண்ணீர் குறைந்தால் தானாகப் போடவும் செய்யும். "அதைச் சொல்லாம விட்டா எப்படிங்க? அதுதானே பெரிய விஷயம்" என்றார். அவர் சொன்னது சரிதான், அது பெரிய விஷயம். ஆனால் நம் கதையில் அந்த அம்மா மறுநாளும் சுவிட்சைப் போடுகிறார். அதே செயலைச் செய்தும் முடிவு மாறியதால்தான் திருப்பம் புரிகிறது. தானாகப் போடும் என்றும் சொன்னால், "அப்புறம் ஏன் அவங்க சுவிட்ச் போட்டாங்க?" என்று பார்க்கிறவர் குழம்புவார். ஒரு படத்தில் ஒரு மாற்றம். மற்றப் பத்துச் சிறப்புகளும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியவரிடம் பேசும்போது சொல்வதற்கு. அவர் அப்போது கேட்கத் தயாராக இருப்பார்.

முழு எழுத்தும் இப்படி அமைந்தது. இடது பக்கம் விநாடி, அடுத்து குரல்.

0–6: காலை ஆறரை மணி. மோட்டார் போட்டாச்சு. அடுப்பில் பால், கையில் சீப்பு.

6–13: போன் வருகிறது. வேன் வருகிறது. மோட்டார் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

13–20: தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும்தான் ஓட்டம். தினமும் இதே ஓட்டம்.

20–28: இன்றும் மோட்டார் போட்டார். இன்றும் மறந்துவிட்டார். (டக். ஒரு விநாடி அமைதி.) ஆனால் மோட்டார் நின்றுவிட்டது.

28–46: தொட்டியின் வாய்க்குக் கீழே ஒரு சின்ன மிதவை. தண்ணீர் அதைத் தூக்கியதும், சுவிட்ச் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குத் தகவல் போகிறது. பெட்டி மோட்டாரை நிறுத்துகிறது. நீங்கள் குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, கடைக்குப் போயிருந்தாலும் சரி.

46–60: உங்கள் மோட்டார் சுவிட்ச் போர்டை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எந்தப் பெட்டி பொருந்தும், என்ன விலை என்று சொல்கிறோம்.

பெயர் எங்கே என்று கேட்பீர்கள். 28ஆவது விநாடியிலிருந்து பெட்டியின் முகப்பில் பெயர் இருக்கிறது, கடைசிச் சட்டகத்தில் பெரிதாக இருக்கிறது. குரலில் ஒரு முறை சேர்க்க விரும்பினால் "பெட்டி மோட்டாரை நிறுத்துகிறது" என்பதில் பெட்டி என்ற சொல்லுக்குப் பதிலாகப் போடலாம். கதையின் வேலையைச் செய்கிற இடத்தில் பெயர் வந்தால் நிற்கும்.

தமிழுக்குத் தனி அளவு

இந்த எழுத்தில் மொத்தம் 80 சொல்லுக்கும் குறைவு. ஒரு நிமிடத்துக்கு இது போதுமா என்று தோன்றலாம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் நிமிடத்துக்கு 140, 150 சொல் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொண்டு 150 சொல் எழுதினால், படிக்கிறவர் மூச்சு வாங்குவார். தமிழில் ஒரு சொல்லே வாக்கியத்தின் பாதி வேலையைச் செய்துவிடும். "குளித்துக்கொண்டிருந்தாலும்" என்பதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு சொல்தான், ஆனால் வாயில் ஒன்றரை விநாடி எடுக்கிறது.

அதனால் சொல்லை எண்ணாதீர்கள், படித்துப் பாருங்கள். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது போல் நிதானமாகச் சத்தம் போட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் கணக்குத் தப்பும், எப்போதும் குறைவாகத்தான் காட்டும். 60 விநாடிப் படத்துக்கு என் குரல் 48இலிருந்து 50 விநாடிக்குள் முடிந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன். மிச்சம் பத்து விநாடி, படம் மட்டும் பேசுவதற்கு. தண்ணீர் ஏறுவது, டக், அமைதி, கடைசியில் நிற்கும் சட்டகம், இதெல்லாம் அந்தப் பத்தில் அடங்குகிறது.

திரையில் எழுத்து வந்தால் அதற்கும் ஓர் அளவு உண்டு. அந்த வரியை மெதுவாக இரண்டு முறை படிக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் அது நிற்க வேண்டும். செய்தவருக்கு அது நெடுநேரம் நிற்பது போலத்தான் தெரியும். அவர் நூறு முறை பார்த்துவிட்டார், வாடிக்கையாளர் முதல் முறை பார்க்கிறார்.

அசைவு தொடங்கும் முன் ஒரு சோதனை

விநாடிக்கு 25 சட்டகம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1500 சட்டகம். அத்தனையையும் அசைத்து முடித்த பிறகு கதையில் கோளாறு தெரிந்தால் நேரமும் பணமும் வீண். அதனால் முதலில் அனிமேட்டிக் என்று ஒன்றைச் செய்கிறோம். ஒவ்வொரு காட்சிக்கும் ஒன்றிரண்டு கோட்டுப் படங்கள், அசைவே இல்லாமல், எழுதிய நேரக் கணக்குப்படி அடுக்கி, நம் குரலையே போனில் பதிந்து அதன் மேல் ஒட்டுவது. எங்கள் படத்துக்குப் பத்து, பன்னிரண்டு படம்தான் தேவைப்பட்டது. ஒரு நாள் வேலை.

இதைக் கதை தெரியாத மூன்று நான்கு பேரிடம் காட்ட வேண்டும், ஒரே ஒரு முறை. காட்டிவிட்டு "நல்லாருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். மூன்று கேள்வி கேளுங்கள். அவங்களுக்கு என்ன தொல்லை? நடுவில் என்ன மாறியது? இப்போது உங்களை என்ன செய்யச் சொல்கிறார்கள்? பதில் தடுமாறுகிற இடத்தில்தான் கோளாறு.

எங்கள் அனிமேட்டிக்கை எதிர்வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியிடம் காட்டினேன். முதல் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். இரண்டாவது கேள்விக்கு அவர் சொன்னது: "கரண்ட் போயிருச்சுங்களா?"

எனக்கு உறைத்தது. மோட்டார் ஓடுகிறது, டக் என்று நிற்கிறது, எல்லாம் அமைதியாகிறது. நம் ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அதன் பொருள் மின்வெட்டு. எனக்குக் கதை தெரியும் என்பதால் அந்த அர்த்தம் என் கண்ணில் படவே இல்லை. திருப்பம் என்று நான் ஆசையாக வைத்த அமைதியே கதையைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

சரிசெய்ய இரண்டு சிறிய மாற்றம் போதுமாக இருந்தது. அடுப்படியில் விளக்கு எரிவதையும் மின்விசிறி சுற்றுவதையும் தெளிவாக வரைந்தோம், டக்குக்குப் பிறகும் இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அமைதியான அந்த விநாடியில் மின்விசிறியின் மெல்லிய சத்தத்தை மட்டும் விட்டோம். கூடவே, சுவிட்ச் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிகிறது. மோட்டாரை ஏதோ ஒன்று வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. அடுத்து காட்டிய இருவரும் "அந்தப் பெட்டிதான் நிறுத்துச்சு" என்றார்கள். அதற்கு ஒரு சொல்கூட எழுத்தில் கூடவில்லை.

இன்னொரு முறை ஒலியே இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம். பேருந்தில், அலுவலகத்தில், தூங்கும் குழந்தை பக்கத்தில் பார்க்கிறவர்கள் ஒலியை அணைத்துத்தான் பார்ப்பார்கள். பிரச்சினை புரிந்தது, வரைந்து காட்டக்கூடிய தொல்லையைத் தேர்ந்தெடுத்ததன் பலன் அது. திருப்பத்தில் மோட்டார் நின்றது தெரியவில்லை, "உம்ம்ம்" கேட்காதபோது டக்கும் கேட்காதே. மோட்டாரிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயில் தண்ணீர் ஓடுவதைச் சிறு கோடுகளாக அசையவிட்டு, டக்கின்போது அவற்றை உறையவைத்தோம். அப்புறம் கடைசிச் செயலைக் குரல் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் கடைசி எட்டு விநாடியில் அந்த அம்மாவே போனை எடுத்து சுவிட்ச் போர்டைப் படம் பிடித்து அனுப்புவதை வரைந்தோம். என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் செய்தே காட்டுகிறார். இப்போது ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வரி போய்ச் சேரும்.

இந்த வடிவம் பொருந்தாத இடங்கள்

ஏற்கெனவே கருவியை வாங்கியவருக்கு எந்தக் கம்பியை எங்கே மாட்டுவது என்று காட்டும் படத்துக்கு இது வேண்டாம். அவருக்குக் கதை தேவையில்லை, படிப்படியான வழிகாட்டல் போதும், அது நான்கு நிமிடம் ஆனாலும் பொறுமையாகப் பார்ப்பார். அதேபோல் வீட்டுக்காரரும் கடைக்காரரும் ஒரே படத்தைப் பார்க்க வேண்டும் என்றால் இது உடைந்துவிடும். வீட்டுக்காரரின் தொல்லை காலை ஓட்டம், கடைக்காரரின் தொல்லை திரும்பி வரும் சரக்கு. இரண்டு பேரின் பிரச்சினை, இரண்டு செயல் என்றால் இரண்டு படம்தான்.

உரிமையாளருக்கு மனதில் உறுத்திக்கொண்டே இருந்த இன்னொரு சிறப்பு, தண்ணீர் இல்லாதபோது மோட்டாரைக் காப்பாற்றுவது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் சூடாகி உள்ளே சுற்றிய கம்பிச் சுருள் கருகிவிடும், மறுபடி சுருள் கட்ட வேண்டிவரும். அந்தத் தொல்லை தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவருடையது. அவருக்கு அடுப்படியும் வேனும் பொருந்தாது. அதற்குத் தனியாக ஒரு படம் செய்யலாம் என்று முடிவாகி, போன வாரம் மறுபடி உட்கார்ந்தோம். அவர் இந்த முறை பட்டியல் கொண்டுவரவில்லை. ஒரு வெற்றுத் தாளின் அடியில் ஒரு வரி எழுதிக் கொண்டுவந்திருந்தார்: "உங்கள் மோட்டாரின் பெயர்த் தகட்டை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்." அதற்கு மேலே இருக்கிற இடத்தை நாங்கள் இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.